ரெடிமிக்ஸ் கான்கிரீட்: எப்போது லாபம், எவ்வளவு கேட்பது?

தளத்தில் கலக்கும் கான்கிரீட்டின் செலவைக் கணக்கிடும்போது, ஒரு கன மீட்டர் எம்20 கலவைக்கு வேண்டிய ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்ட், எம் சாண்ட், ஜல்லி ஆகியவற்றோடு மிக்சர் வாடகையையும் கலவை ஆட்களின் கூலியையும் சேர்க்க வேண்டும். ரெடிமிக்ஸ் பக்கம் ஜிஎஸ்டியும் பம்ப் வாடகையும் சேரும். பம்புக்குப் பெரும்பாலும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதால், 3 கன மீட்டர் லிண்டலுக்கு அது கட்டுப்படியாவது அரிது. கூரைத் தளத்தில் அதே தொகை பல கன மீட்டருக்குப் பிரிந்து சிறிதாகிவிடும்.

1,000 சதுர அடி, 5 அங்குலத் தளத்தை எடுத்துக்கொள்வோம். அது 417 கன அடி, 35.3 ஆல் வகுத்தால் 11.8 கன மீட்டர். தளத்துக்குக் கீழே இறங்கும் பீம்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 9 அங்குல அகலமும் 10 அங்குல இறக்கமும் கொண்ட 100 அடி பீமுக்கு மேலும் 1.8 தேவை. சேதாரம் 3 சதவீதம் சேர்த்தால் 14 வரும்.

ஆனால் 14-ஐயும் முன்கூட்டியே உறுதி செய்யாதீர்கள். சென்ட்ரிங் பலகை சற்றுத் தொய்ந்தாலே அளவு மாறிவிடும். 6 கன மீட்டர் வண்டிகள் இரண்டை வரவழைத்து, இரண்டாவது வண்டி பாதி இறங்கியதும் மீதிப் பரப்பை டேப்பால் அளந்து கடைசி வண்டியின் அளவைச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டை ஆலையிடம் முதல் நாளே பேசிவைப்பது அவசியம்.