இரண்டு பால்செம்பும் தெளிவாக விழ: டெப்த் ஆஃப் ஃபீல்டும் அபெர்ச்சரும்

இரண்டு வருடங்களுக்கு முன் தைப்பூசக் காவடி அன்று அக்கா மகனைப் படம் எடுத்தேன். இங்கே மொரீசியஸில் அது அரசு விடுமுறை. காலையிலேயே ஆற்றங்கரையில் காவடிகள் வரிசையாக நின்றன. பின்னணி அழகாக மங்கட்டும் என்று லென்ஸை f/1.8-ல் வைத்து, பக்கவாட்டில் சாய்வாக நின்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்த அக்கா, "பிள்ளை முகம் நல்லா இருக்கு. செம்பு ரெண்டும் ஏன் இப்படிக் கலங்கிக் கிடக்கு?" என்று கேட்டார். பத்து நாள் விரதமிருந்து சுமந்த பால் அது. காவடியின் இரு முனையிலும் கட்டியிருந்த செம்புகள் மஞ்சள் புகை மாதிரி தெரிந்தன. அந்தப் படத்தில் என்ன தவறு, அதை எப்படித் திருத்துவது என்பதுதான் இந்தப் பாடம்.

நீங்கள் ஃபோகஸ் செய்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கொஞ்சம் பின்னால் வரை படம் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவான பகுதியின் ஆழம்தான் டெப்த் ஆஃப் ஃபீல்டு. அதைக் கூட்டவும் குறைக்கவும் கையில் இருக்கும் முதல் கருவி அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் இருக்கும் துளை.

முதலில் எலுமிச்சை

காவடிக்குப் போவதற்கு முன் வீட்டு வராந்தாவில் இதைச் செய்து பாருங்கள். ஒன்பது எலுமிச்சம்பழங்களை மேசைமேல், உங்களிடமிருந்து விலகிப் போகும் ஒரே வரிசையில் வையுங்கள். ஒரு பழத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 செ.மீ. இருக்கட்டும். ஐந்தாவது பழத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, எல்லாப் பழமும் தெரியும்படி சற்று உயரத்தில் கேமராவை வையுங்கள். நான் சொல்லும் அளவுகள், முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்ட கிராப் சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு உரியவை.

டயலை A அல்லது Av-க்குத் திருப்புங்கள். இந்த முறையில் அபெர்ச்சரை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். கேமரா ஒளியை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்று சொல்லும் ISO-வை 400-ல் நிறுத்துங்கள். ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக்கி ஐந்தாவது பழத்தின்மேல் வையுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் கேமரா பெரும்பாலும் முதல் பழத்தைப் பிடித்துக்கொள்ளும், சோதனை வீணாகும்.

இப்போது f/1.8, f/4, f/11 என்று மூன்று படம் எடுங்கள். முதல் படத்தில் தெளிவு ஏறக்குறைய 6 செ.மீ.தான். ஐந்தாவது பழம் பளிச்சென்று இருக்கும், அதன் இரு பக்கமும் உடனே கரையத் தொடங்கும். f/4-ல் அது 14 செ.மீ. ஆகும், மூன்று பழம் தெளியும். f/11-ல் கிட்டத்தட்ட 39 செ.மீ., வரிசையின் இரு கோடிகள் மட்டும் லேசாக மங்கும்.

ஒரு முக்கியமான விஷயம். கேமராவின் பின்திரையில் மூன்று படமும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியலாம். சிறிய திரையில் எந்தக் கலக்கமும் மறைந்துவிடும். ஆற்றங்கரையில் என் படம் சரியாக இருப்பதாக நான் நம்பியதும் இதனால்தான். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, பழத்தோலின் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சிறிய எண், பெரிய துளை

எண் சிறியதானால் துளை பெரிதாவது ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். f என்பது லென்ஸின் குவியத் தூரம். அதை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 மி.மீ. 11-ஆல் வகுத்தால் நாலரை மி.மீ. அவ்வளவுதான்.

துளை சுருங்கினால் ஏன் தெளிவு ஆழமாகிறது? கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் இதை உடனே பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றுங்கள். ஓர் அட்டையில் ஊசியால் குத்திய துளை வழியாகச் சுவர்க் காலண்டரைப் பாருங்கள். கலங்கியிருந்த எழுத்து தெளியும், கூடவே இருளும். பெரிய துளை வழியே வரும் ஒளி அகன்ற கூம்பாகக் குவிகிறது. அதனால் ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளி சென்சாரில் பெரிய வட்டமாகப் பரவும். துளை சிறுத்தால் கூம்பும் ஒடுங்கும், வட்டமும் சிறுக்கும். நம் கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு அந்த வட்டம் சிறியதாக இருக்கும்வரை அதைத் தெளிவு என்கிறோம்.

இருள்வதையும் மறக்கக் கூடாது. வராந்தாவில் f/1.8-க்குக் கேமரா ஷட்டர் வேகம் 1/1000 நொடி என்று காட்டினால், f/11-க்கு 1/25 காட்டும். 1/25-ல் கை நடுக்கம் படத்தில் ஏறும். அப்போது அபெர்ச்சரைச் சுருக்கியும் படம் கலங்குகிறதே என்று தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது எளிது: டெப்த் குறைவாக இருந்தால் எங்கேயாவது ஓரிடம் தெளிவாக இருக்கும். நடுக்கம் என்றால் ஐந்தாவது பழம் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். அந்த நிலையில் ISO-வைக் கூட்டுங்கள். 50 மி.மீ.க்கு 1/100-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. நடந்து வரும் ஆளுக்கு 1/250 வேண்டும்.

இனி காவடி

காவடி சுமார் ஒரு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். நான் மூன்று மீட்டர் தூரத்தில், 45 பாகை சாய்வாக நின்றேன். அப்படி நின்றால் ஒரு செம்பு முகத்தைவிட 35 செ.மீ. எனக்குக் கிட்டே, மற்றது 35 செ.மீ. தள்ளி. மூன்று மீட்டரில் f/1.8 தரும் தெளிவு மொத்தமே 25 செ.மீ. முகத்துக்கு அது போதும், செம்புகளுக்கு எட்டாது.

f/5.6-க்குப் போயிருந்தால் முகத்துக்கு முன்னால் 35, பின்னால் 47 செ.மீ. கிடைத்திருக்கும். கிட்டச் செம்பு சரியாக விளிம்பில் நிற்கும். காவடி எடுப்பவர் அரையடி முன்னே வந்தாலே தவறிவிடும். அதனால் நான் f/8-ஐயே சொல்வேன்: முன்னால் 48, பின்னால் 70 செ.மீ. வெயிலில் f/8-க்கு ISO 100-லேயே 1/400 கிடைக்கும். மரநிழலானால் ISO-வை 800 வரை ஏற்றுங்கள், தயங்க வேண்டாம். f/16, f/22 வரை இறங்குவதில் பலனில்லை. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி, ஃபோகஸ் செய்த இடமே மழுங்கத் தொடங்கும்.

அபெர்ச்சரைத் தொடாமலும் ஒரு வழி உண்டு. தெளிவான பகுதி, கேமராவுக்கு நேரே நிறுத்திய தடித்த கண்ணாடிப் பலகை மாதிரி. காவடிக்கு நேர் எதிரே நின்றால் முகமும் இரு செம்பும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், அந்தப் பலகைக்குள் வந்துவிடும். அப்போது f/2.8 போதும், பின்னால் நிற்கும் கூட்டமும் மெதுவாகக் கரையும்.

போன வருடம் அப்படித்தான் எடுத்தேன். நேர் எதிரே, f/2.8, ஃபோகஸ் புள்ளி கண்ணில். அப்புறம் சாய்வாக நகர்ந்து f/8-ல் இன்னொன்று. அக்கா இரண்டாவதைத்தான் பூஜை அறையில் மாட்டியிருக்கிறார். அதில் தூரத்துச் செம்பைச் சுற்றிய நூல்கூடத் தெரிகிறது.