நர்ஸ் நேர்காணல்: "நாங்கள்" என்றால் மதிப்பெண் இல்லை

தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு முடிந்து, டர்பன் பக்கம் ஒரு மருத்துவமனை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறதா? இந்தக் கேள்வியை எதிர்பார்த்துப் போங்கள்: "ஒரு நோயாளியின் நிலை திடீரென மோசமானபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?"

கேட்பவர் கையில் பெரும்பாலும் மதிப்பெண் தாள் இருக்கும். நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் பதில் வந்தால் அவர் எளிதாகக் குறித்துக்கொள்வார். மூன்று நிமிடப் பதில் என்றால், அதில் இரண்டு நிமிடம் நீங்கள் செய்ததற்கே போகட்டும். நம்மில் பலர் நோயாளியின் கதையிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு. குடல் அறுவை சிகிச்சை முடிந்து மறுநாள், இரவுப் பணி. நோயாளியின் எடை 60 கிலோ. மாலையில் 16 ஆக இருந்த மூச்சு எண்ணிக்கை 26 ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் 94/58, நாடி 118, காய்ச்சல் 38.6. அந்த வார்டில் அவர் உங்கள் பொறுப்பு. நிலைமைக்கும் பொறுப்புக்கும் இவ்வளவு போதும்.

இனி செய்தது: "அளவுகளை நானே மறுபடி எடுத்துப் பார்த்தேன். சிறுநீர்ப் பையைப் பார்த்தேன், கடைசி ஒரு மணி நேரத்தில் 20 மில்லிதான். இந்த எடைக்கு 30 மில்லியாவது வந்திருக்க வேண்டும். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்று சந்தேகித்தேன். ஷிப்ட் லீடரிடம் சொல்லிவிட்டு, 2.10க்கு டாக்டரை அழைத்து எண்களை வரிசையாகச் சொன்னேன், உடனே வந்து பார்க்கும்படி கேட்டேன். அவர் உத்தரவுப்படி முதலில் ரத்தக் கல்ச்சர் எடுத்தேன், பிறகு ஆன்டிபயாடிக்கும் டிரிப்பும் தொடங்கினேன்."

கல்ச்சரை ஏன் முதலில் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். ஆனால் கல்ச்சருக்காக மருந்தை நெடுநேரம் தள்ளிப்போடவும் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விளைவும் எண்ணாகவே வரட்டும்: இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் 108/66, சிறுநீர் மணிக்கு 35 மில்லி, நோயாளி ஹை கேருக்கு மாற்றப்பட்டார்.

பதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "நாங்கள் டாக்டரைக் கூப்பிட்டோம், நாங்கள் மருந்து கொடுத்தோம்" என்று அடக்கமாகப் பேசுவது நம் பழக்கம். கேட்பவருக்கோ அதில் உங்கள் பங்கு எது என்று தெரியாது, எனவே மதிப்பெண்ணும் விழாது. "பொதுவாக இப்படிச் செய்வோம்" என்பதும் அப்படியே, அது நடந்த சம்பவம் ஆகாது. டாக்டர் உத்தரவு இல்லாமலே மருந்து கொடுத்ததுபோல் வாய்தவறிச் சொன்னால் இன்னும் ஆபத்து. அது உங்கள் பணி வரம்பையே கேள்விக்குள்ளாக்கும். நோயாளியின் பெயரையும் சொல்லாதீர்கள்.

கடைசியில், "டாக்டர் வராமல் இருந்திருந்தால்?" என்று தூண்டிப் பார்ப்பார்கள். காத்திருப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள். மறுபடி அழைப்பேன், ஷிப்ட் லீடர் வழியாக மூத்த மருத்துவரை எட்டுவேன், ஒவ்வொரு அழைப்பையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதுவேன், அதுவரை நோயாளியின் பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லுங்கள்.