அரைமண்டியில் முட்டி வலி: எங்கிருந்து வருகிறது, பயிற்சியை எப்படி மாற்றுவது

பரதநாட்டியம் கற்கத் தொடங்கி ஒன்றிரண்டு வருடங்களில், பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் பலருக்கு முட்டியின் முன்பக்கம் வலி வரும். “இன்னும் நல்லா உட்காரு, பழகிடும்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். சிலருக்குப் பழகிவிடும். மற்றவர்களுக்கு எவ்வளவு ஆழமாக உட்காருகிறார்களோ அவ்வளவு வலி கூடும். ஏனென்றால் அவர்களுடைய சிக்கல் ஆழத்தில் இல்லை, பாதத்தை எவ்வளவு திருப்பி வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதை வீட்டிலேயே கண்டுபிடித்துப் பயிற்சியைத் திருத்தும் வழியை இங்கே பார்ப்போம். இடையிடையே ஒரு மாணவியின் கதையும் வரும். வயது 22, சலங்கை பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். வலது முட்டியில் வலி, இடது கணுக்காலின் முன்பக்கம் ஒரு பிடிப்பு.

படி 1: வலி எந்த இடத்தில் என்று ஒரு விரலால் காட்டுங்கள்

முட்டிச் சில்லைச் சுற்றியோ அதற்குப் பின்னாலோ மந்தமான வலி, மாடிப்படி இறங்கும்போதும் சினிமா தியேட்டரில் வெகுநேரம் உட்கார்ந்திருக்கும்போதும் கூடுகிறது என்றால், அதுதான் நாம் இங்கே பேசப்போகும் வலி. முட்டி மடங்க மடங்க, சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துவதும் கூடும். கால் நேர்கோட்டில் மடங்கினால் அந்த அழுத்தம் பரவலாக விழும். கோணலாக மடங்கினால் ஒரே பக்கத்தில் விழும்.

10 முதல் 15 வயதுப் பிள்ளைகள் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டைத் தொட்டுக் காட்டினால், அது வேறு கதை. வளரும் எலும்பில் தசைநாண் இழுப்பதால் வருவது அது. குதிப்பதையும் மண்டியிடுவதையும் குறைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டி வீங்கியிருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கி விட்டுக்கொடுத்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வலித்தாலோ, இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். எலும்பியல் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ முதலில் பாருங்கள். கணுக்கால் பிசகிய பிறகு அந்தக் காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலும் அப்படித்தான்.

படி 2: உங்கள் இடுப்பு எவ்வளவு திரும்பும் என்று அளந்து பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். ஒரு சாக்பீஸும், காலுக்குச் சாக்ஸும், வழுவழுப்பான தரையும் போதும். விழுந்துவிடாமல் இருக்கச் சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

குதிகால்களைச் சேர்த்து, முட்டியை நேராக வைத்து நில்லுங்கள். எடையைக் குதிகாலில் வைத்து, விரல்களைச் சற்றுத் தூக்கி, தொடையிலிருந்து இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் திருப்புங்கள். பாதத்தைக் கையால் தள்ளக் கூடாது, உடம்பை ஆட்டவும் கூடாது. எங்கே நிற்கிறதோ அங்கே விரல்களை இறக்கி, இரண்டு பாதங்களின் நடுக்கோட்டையும் தரையில் வரையுங்கள். அப்புறம், வகுப்பில் எப்படி அரைமண்டிக்குப் பாதம் வைப்பீர்களோ அப்படி வைத்து இன்னொரு முறை வரையுங்கள்.

நம் மாணவிக்கு முதல் கோடுகளுக்கு இடையே ஏறக்குறைய 100 டிகிரி இருந்தது. வகுப்பில் அவர் நின்றது 150 டிகிரியில். மிச்சமுள்ள 50 டிகிரி இடுப்பிலிருந்து வரவில்லை. அப்படியென்றால் எங்கிருந்து வந்தது?

முட்டி நேராக இருக்கும்போது கீழ்க்கால் எலும்பு அதிகம் திருகாது. மடங்கியதும் அதற்குக் கொஞ்சம் திருகும் சுதந்திரம் கிடைக்கிறது. அதனால்தான் பலர் முதலில் மடங்கி, பாதத்தை வெளியே திருப்பி ஊன்றிவிடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் அழகான அரைமண்டியாகத் தெரியும். ஆனால் தொடை ஒரு பக்கம் பார்க்க, பாதம் இன்னொரு பக்கம் பார்க்க, நடுவில் உள்ள முட்டி துணி பிழிவது போலத் திருகிக்கொண்டு நிற்கும். உள்ளங்கால் வளைவும் தரையில் படுத்துவிடும்.

இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பதில் எலும்புக்குழியின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. வளர்ந்தவர்களுக்கு அதை மாற்ற முடியாது. பட்டாம்பூச்சி ஆசனத்தில் யாரையாவது தொடையின் மேல் ஏறி நிற்கச் சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

படி 3: கணுக்காலையும் சோதியுங்கள்

சுவரைப் பார்த்து, ஒரு பாதத்தைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற அதிகபட்ச தூரத்தைக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுவர் வரை அளக்கவும். 10 செ.மீ. அளவுக்கு வந்தால் சரி. இரண்டு கால்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அதைவிடக் கவனமாகப் பாருங்கள்.

மாணவிக்கு வலது 10 செ.மீ., இடது 6 செ.மீ. பள்ளியில் படிக்கும்போது இடது கணுக்கால் ஒருமுறை நன்றாகப் பிசகியிருக்கிறது. அந்தக் கால் முழுதாக மடங்காததால், உட்காரும்போது இடுப்பு தன்னையறியாமல் வலப்பக்கம் நகர்ந்தது. எடையைச் சுமந்தது வலது கால், வலித்தது வலது முட்டி. கோளாறு ஒரு காலில், புகார் இன்னொரு காலில். உங்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று தெரிய, போனைத் தரையருகே நேராக வைத்து, முன்பக்கத்திலிருந்து தட்டடவு ஒன்றைப் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தொப்புள் இரு குதிகால்களுக்கும் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று தெரிந்துவிடும்.

சுவர்ச் சோதனையில் கெண்டைக்கால் இழுத்தால், தினமும் அதை நீட்டிப் பழகலாம். கணுக்காலின் முன்பக்கம் இடுக்கிப் பிடித்தது போல இருந்தால், அந்த இடுக்கலை மீறி அழுத்தாதீர்கள். அது நீட்டினால் தளரும் தசையல்ல. ஆழத்தைக் குறைப்பதுதான் அதற்கு வழி.

படி 4: அரைமண்டியைப் புதிதாக அமையுங்கள்

படி 2இன் முதல் கோடுகளில் பாதத்தை வையுங்கள். உங்கள் பாணியில் குதிகால்களுக்கு இடையே இடைவெளி உண்டென்றால் அந்த இடைவெளியோடே வையுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து மெதுவாகக் கீழே சரியுங்கள். முட்டிச் சில்லு இரண்டாவது கால்விரலின் திசையிலேயே போக வேண்டும். பின்வரும் மூன்றில் எது முதலில் வந்தாலும் அங்கே நில்லுங்கள்: முட்டி உள்ளே விழுகிறது, குதிகால் எழப் பார்க்கிறது, வலி பத்துக்கு மூன்றைத் தாண்டுகிறது.

அந்த இடத்தில் உச்சந்தலை எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு டேப் ஒட்டச் சொல்லுங்கள். இப்போதைக்கு அதுதான் உங்கள் அரைமண்டி. நீங்கள் எதிர்பார்த்ததைவிட மேலே இருக்கும். மாணவிக்கு ஒரு சாண் மேலே இருந்தது, கொஞ்சம் அழுகைகூட வந்தது.

படி 5: எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

முழுமண்டி, மண்டி அடவு, குதிப்புகள் மூன்றையும் குறைந்தது முதல் இரண்டு வாரம் நிறுத்துங்கள். குதித்து மெட்டடவில் குதிப்பை எடுத்துவிட்டு, முன்பாதத்தில் எழுந்து குதிகாலை ஓசையில்லாமல் இறக்கினால் தாளம் கெடாது.

தட்டடவை டேப் உயரத்தில், முதல் காலத்தில் மட்டும் செய்யலாம். உள்ளங்கால் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படட்டும். சத்தம் வர வேண்டும் என்று உயரத்திலிருந்து ஓங்கி அடிக்க வேண்டாம். நாட்டடவில் ஒரு காலை நீட்டும்போது, மடங்கிய காலில்தான் எடை அதிகம் விழுகிறது. ஆகவே வலிக்கும் கால் மடங்கும் பக்கத்தை நின்ற நிலையிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு அடவுக்கும் பின்னால் ஒரு நிமிடம் சமபாதத்தில் நின்று மூச்சு வாங்கலாம்.

மீதி நேரம் வீணாகாது. நாற்காலியில் உட்கார்ந்து ஜதி சொல்லித் தாளம் போடலாம், அபிநயமும் கைகளும் செய்யலாம். சொல்கட்டு மூன்று காலத்திலும் வாயில் நிற்காதவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட்டின் மேல் பதித்த கிரானைட்டும் டைல்ஸும் அதிர்ச்சியைத் துளியும் வாங்காது. கெட்டியான, மெல்லிய ரப்பர் விரிப்பு உதவும். மெத்தென்ற யோகா பாய் வேண்டாம், கணுக்கால் ஆடும். ஜமக்காளம் வழுக்கும். வலி தெரியாமலிருக்க ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஆடுவதும் வேண்டாம், எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லாமல் போகும்.

டீச்சரிடம் “முட்டி வலிக்குது, உட்கார முடியல” என்றால் சாக்குப்போக்காகத் தோன்றலாம். “டீச்சர், இந்த உயரம் வரைக்கும் வலியில்லாம உட்கார முடியுது. ரெண்டு வாரம் இப்படியே செய்யட்டுமா? முழுமண்டி மட்டும் பார்த்துக் கத்துக்கிறேன்” என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். படமெடுத்ததைக் காட்டினால் இன்னும் நல்லது.

படி 6: மூன்று பயிற்சிகள், ஒருநாள் விட்டு ஒருநாள்

சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் நேராக, வலியில்லாத ஆழத்தில் 30 விநாடி நிற்பது, ஐந்து முறை. ஒருக்களித்துப் படுத்து, குதிகால்கள் சேர்ந்தபடி மேல் முட்டியை மட்டும் திறந்து மூடுவது, பக்கத்துக்குப் பன்னிரண்டு வீதம் மூன்று சுற்று. இது இடுப்பை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்கும் தசைகளுக்கு, அவைதான் 100 டிகிரியை ஆட்டம் முழுக்கத் தக்கவைப்பவை. மூன்றாவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, முட்டி நேராக ஒரு சுற்று, சற்று மடங்கி ஒரு சுற்று.

படி 7: திரும்ப ஏறுவது

அளவுகோல் மறுநாள் காலைதான். பயிற்சியின்போது வலி மூன்றுக்குள் இருந்து, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது பழைய நிலையே இருந்தால், அந்த அளவு ஒத்துக்கொண்டது. கூடியிருந்தால் ஒரு படி குறையுங்கள்.

கூட்டும்போது ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்: நேரம், அல்லது காலம், அல்லது ஆழம். மாணவி மூன்றாவது வாரம் நேரத்தைக் கூட்டினார். நான்காவது வாரம் இரண்டாம் காலம். ஐந்தாவது வாரம் டேப்பை இரண்டு விரற்கடை இறக்கினார். ஆறாவது வாரம் மூன்றாம் காலமும் ஆழமும் சேர்ந்து போனதில் முட்டி மறுபடி முனகியது. ஐந்தாவது வாரத்துக்குத் திரும்பிப் பத்து நாள் இருந்த பிறகு சரியானது. சலங்கை பூஜையில் பழைய டேப்பைவிட நான்கு விரற்கடை தாழ்ந்த அரைமண்டியில், 110 டிகிரியில் ஆடினார். இடது கணுக்கால் 8 செ.மீ. வந்திருந்தது.

நேரம், காலம், ஆழம் மூன்றும் ஒத்துக்கொண்ட பிறகுதான் குதிப்பு, அதுவும் வாரம் இரண்டு நாள் மட்டும். முழுமண்டி எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டி விரல் திசையை விட்டு விலகாமல் இறங்கி எழ முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கையை விடுங்கள். ஆறு வாரம் இப்படிச் செய்தும் மாடிப்படியில் இறங்கும்போது வலி குறையவே இல்லையென்றால், நடனம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அந்தச் சாக்பீஸ் கோடுகளின் போட்டோவையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.