கடையை மூடும்போது ஜி.எஸ்.டி. பதிவையும் ஒழுங்காக மூடுவது எப்படி?

திண்டுக்கல்லில் எங்கள் பெரியப்பா 19 வருடம் எலெக்ட்ரிக்கல் கடை நடத்தினார். முழங்கால் வலி தாங்காமல் 2025 ஜூனில் கடையை மூடினார். கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் மூடும் வேலை முழுக்க என் கையில் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் இன்னொரு கடைக்காரர் ஒரு நோட்டீஸோடு என்னிடம் வந்திருந்தார். பதிவு ரத்தான ஆர்டர் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, இறுதி ரிட்டர்ன் போடாமலே விட்டிருந்தார். அதற்குத் தாமதக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய். பெரியப்பாவுக்கு அப்படி ஆகக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இது தனி நபர் பெயரில் நடக்கும், மாதாமாதம் ரிட்டர்ன் போடும் சாதாரண ஜி.எஸ்.டி. பதிவுக்கானது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு GSTR-10 என்ற இறுதி ரிட்டர்ன் கிடையாது. அவர்கள் பதிவை ரத்து செய்துவிட்டு, அந்த வருடத்துக்கான GSTR-4 போட வேண்டும்.

1. விண்ணப்பத்துக்கு முன்னால் சரக்கைக் காலி செய்யுங்கள்

பலர் முதல் வேலையாகப் பதிவை ரத்து செய்யத்தான் போகிறார்கள். அங்கேதான் காசு போகிறது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்திருப்பீர்கள். கடையை மூடும்போது அந்தச் சரக்கு மிச்சம் இருந்தால் எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதுவும் எடுத்த கிரெடிட், இன்றைய விலைக்கு வரும் வரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதை. ரத்தாகும் தேதிக்கு முந்தைய நாள் கடையில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

திருப்பிக் கட்டும் இந்தப் பணத்தை வாடிக்கையாளரிடம் வசூலிக்க வழியில்லை, நம் பையிலிருந்துதான் போகும். பதிவு உயிரோடு இருக்கும்போதே பில் போட்டு விற்றால், வாங்குபவர் அந்த வரியைத் தருகிறார். அவரும் பதிவுள்ள வியாபாரியாக இருந்தால் அவருக்கு அது இன்புட். யாருக்கும் நட்டமில்லை.

ஏப்ரல் மாதம் பெரியப்பாவின் கடையில் சரக்கு எண்ணினோம். வயர், ஸ்விட்ச், ஹோல்டர், ட்யூப் செட் என்று வரி சேர்க்காமல் 4 லட்சம் ரூபாய்க்கு இருந்தது. 18 சதவீதத்தில் எடுத்த இன்புட் 72,000. அதில் 2 லட்சம் ரூபாய் வயரைப் பக்கத்துத் தெரு மொத்த வியாபாரி வாங்கின விலைக்கே எடுத்துக்கொண்டார். பில் 2,00,000, வரி 36,000. 1,40,000 ரூபாய்ச் சரக்கு இரண்டு மாதத் தள்ளுபடியில் போனது. கடைசியில் யாரும் கேட்காத பழைய மாடல் ஸ்விட்ச்சும் ஃபிட்டிங்கும் மட்டும் 60,000 ரூபாய்க்கு நின்றன.

2. மிச்சத்துக்கு எவ்வளவு கட்டணும்?

அந்த 60,000 ரூபாய்ச் சரக்குக்கு எடுத்த இன்புட் 10,800. இன்று விற்றால் 50,000 கூட வராது, அதற்கு வரி 9,000. இரண்டில் பெரியது 10,800. பழைய மாடலாக இல்லாமல் விலை ஏறிய சரக்காக இருந்து மதிப்பு 70,000 என்று வந்திருந்தால், 12,600 கட்ட வேண்டியிருக்கும். தாமிர விலை ஏறும் காலத்தில் வயரை வைத்துக்கொண்டு கடையை மூடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையில் பயன்படுத்திய பொருள்களுக்குக் கணக்கு வேறு. பில் போடும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 2022 மார்ச்சில் 60,000 ரூபாய்க்கு வாங்கியவை. இன்புட் 10,800. இப்படிப்பட்ட பொருளுக்கு ஆயுள் 60 மாதம் என்று விதி வைத்திருக்கிறது. 40 மாதம் ஓடிவிட்டதால் மிச்சம் 20.

```
10,800 × 20 ÷ 60 = 3,600
```

பழைய சாமான் விலையாக 15,000 போட்டால் அதற்கு வரி 2,700. இங்கேயும் பெரியதைத்தான் எடுக்க வேண்டும், ஆக 3,600. மொத்தம் 14,400 ரூபாய். மத்திய வரி 7,200, மாநில வரி 7,200.

கொள்முதல் பில் தொலைந்துபோன சரக்கு இருந்தால், அன்றைய சந்தை விலையை வைத்து மதிப்பிட்டு ஆடிட்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு அவர் கட்டணம் தனி. அதனால் பில் கட்டை மூட்டை கட்டிப் பரண்மேல் போடும் முன் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

3. REG-16 விண்ணப்பம்

கடை மூடிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். www.gst.gov.in தளத்தில் உள்ளே நுழைந்து இப்படிப் போங்கள்:

```
Services > Registration > Application for Cancellation of Registration
```

காரணம் கேட்கும் இடத்தில் வியாபாரத்தை நிறுத்திவிட்டோம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, எந்தத் தேதியிலிருந்து ரத்து என்று கேட்கும். பெரியப்பா கடைசி பில் போட்டது ஜூன் 28. நாங்கள் ஜூன் 30 என்று கொடுத்து, அன்றே விண்ணப்பித்தோம். விண்ணப்பம் போன நாள், நாம் கேட்ட ரத்து தேதி, இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து பதிவு நிறுத்திவைக்கப்பட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு வரி போட்டு ஒரு பில்கூடப் போடக்கூடாது. இரண்டு தேதியும் ஒன்றாக இருந்தால் இடையில் குழப்பம் வராது.

மிச்சச் சரக்கின் மதிப்பையும் அதற்கான வரியையும் இந்தப் படிவமே கேட்கும். வரியை இங்கேயே கட்டலாம், இறுதி ரிட்டர்னிலும் கட்டலாம். இப்போதே கட்டினால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும் என்பதில்லை. நாங்கள் இறுதி ரிட்டர்னுக்கு விட்டோம். கடைசியில் ஓ.டி.பி. போட்டு அனுப்பியதும் ஒரு ARN எண் வரும். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்துவிட்டதால் பழைய ரிட்டர்ன் போடும் கடமை போய்விடாது. கடை நடந்த கடைசி மாதத்துக்கான ரிட்டர்ன் கட்டாயம். ஜூன் மாத GSTR-1-ஐ ஜூலை 11-க்குள்ளும் GSTR-3B-ஐ ஜூலை 20-க்குள்ளும் போட்டோம். அந்த வருட விற்பனை 2 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால் GSTR-9 ஆண்டு ரிட்டர்னும் போட வேண்டும்.

4. கடை செல்போனை அணைத்துவிடாதீர்கள்

இதைத் தனித் தலைப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. கடை மூடியதும் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். ஓ.டி.பி., அதிகாரி அனுப்பும் செய்தி எல்லாம் அந்த எண்ணுக்கும் அதோடு சேர்ந்த ஈமெயிலுக்கும்தான் வரும். அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார், 7 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பார்க்காமல் விட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அப்படி ஆனால் பதிவு உயிரோடு இருக்கும், கடையில் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் மாதாமாதம் ரிட்டர்ன் சேர்ந்துகொண்டே போகும்.

பெரியப்பாவிடமும் கேட்டார்கள், மிச்சச் சரக்கின் பட்டியல் வேண்டும் என்று. ஏப்ரலில் எண்ணிய நோட்டும் விற்ற பில்களும் கையில் இருந்ததால் அன்று மாலையே அனுப்பிவிட்டேன். ஜூலை 22 அன்று REG-19 என்ற ரத்து ஆர்டர் வந்தது.

தளத்தில் உள்ளே நுழையாமலே ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். Suspended என்று இருந்தால் இன்னும் முடியவில்லை, Cancelled என்று வந்தால்தான் ரத்து.

5. இறுதி ரிட்டர்ன், GSTR-10

ஆர்டரில் ரத்து தேதி என்று ஒன்று இருக்கும், ஆர்டர் போட்ட தேதி வேறு. இரண்டில் பிந்தியதிலிருந்து 3 மாதம் அவகாசம். எங்களுக்கு ரத்து ஜூன் 30, ஆர்டர் ஜூலை 22. ஆக கடைசி நாள் அக்டோபர் 22. தவறினால் நாளுக்கு 200 ரூபாய், மேல் வரம்பு 10,000. அதற்கு மேலும் போடாவிட்டால் நோட்டீஸ் வரும், 15 நாளில் பதில் இல்லையென்றால் அதிகாரியே வரியை மதிப்பிட்டு ஆர்டர் போடலாம்.

```
Services > Returns > Final Return
```

முதலில், இனிமேல் கடிதம் போட வேண்டிய முகவரியைக் கேட்கும். கடை முகவரியைக் கொடுக்காதீர்கள், வீட்டு முகவரியைக் கொடுங்கள். அப்புறம் பில் உள்ள சரக்கு, கடைச் சாமான், பில் இல்லாத சரக்கு என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். எந்தச் சப்ளையர், எந்த பில் நம்பர், எவ்வளவு மதிப்பு என்று உட்கார்ந்து அடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கட்ட வேண்டிய 14,400-க்கு, கிரெடிட் லெட்ஜரில் இருந்த 11,000 ரூபாயை முதலில் கழித்தோம். மீதி 3,400-க்கு சலான் போட்டுப் பணம் கட்டினோம். கிரெடிட் லெட்ஜரில் மிஞ்சுவது சாதாரணமாகப் பணமாகத் திரும்பி வராது, அதனால் அதை முதலில் காலி செய்வதுதான் லாபம். அனுப்பும் முன் இரண்டு தடவை சரிபாருங்கள். GSTR-10-ஐ ஒரு தடவை அனுப்பிவிட்டால் திருத்தவே முடியாது.

6. பாக்கிகள்

கேஷ் லெட்ஜரில் பணம் நின்றால் அது உங்கள் பணம், RFD-01 போட்டுத் திரும்பக் கேட்கலாம். பதிவில் கொடுத்த வங்கிக் கணக்குக்குத்தான் அது வரும். எனவே நடப்புக் கணக்கைக் கடைசியாக மூடுங்கள்.

பதிவு ரத்தானதால் பழைய வருடத்து வரிப் பாக்கி எதுவும் ஒழியாது. லெட்ஜரில் பாக்கி காட்டினால் இப்போதே கட்டிவிடுங்கள். கணக்குப் புத்தகங்களை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

சப்ளையர் பாக்கியிலும் வரி ஒளிந்திருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்த பில்லுக்கு எடுத்த இன்புட்டையும் திருப்ப வேண்டும். பெரியப்பா தன் மூன்று சப்ளையரையும் நேரில் பார்த்து, கணக்கு நேர் செய்து, அவர்கள் லெட்ஜர் நகலிலேயே 'பாக்கி இல்லை' என்று எழுதி கையெழுத்து வாங்கினார். ஒரு இடத்தில் 4,200 ரூபாய் சரக்கு திருப்பிய கணக்கு விட்டுப்போனதே அப்போதுதான் தெரிந்தது.

தொழில் உரிமத்தையும் தொழில் வரியையும் மறந்துவிடாதீர்கள். தொழில் வரி அரையாண்டு கணக்கு. கடை இல்லை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்காவிட்டால் கேட்பு வந்துகொண்டே இருக்கும். கடிதத்தின் நகலில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்கு உங்கள் பெயரில் மின் இணைப்பு இருந்தால் அதன் காப்புத் தொகையையும் கேட்டு வாங்குங்கள்.

தனி நபர் கடைக்குத் தனி பான் கிடையாது என்பதால் வருமான வரிப் பக்கம் ரத்து செய்ய ஒன்றுமில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்த லாபத்தை அந்த வருடத்து ரிட்டர்னில் வியாபார வருமானமாகவே காட்ட வேண்டும். கடை மூடிவிட்டதே என்று ITR-1 போட்டுவிடாதீர்கள், ITR-3 அல்லது ITR-4 தான்.

பெரியப்பாவின் GSTR-10 செப்டம்பர் 14 அன்று போனது. அந்த ARN தாளை அவர் ரத்து ஆர்டரோடு சேர்த்துக் குத்தி, கடைப் பூட்டின் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்திருக்கிறார்.