வட்ட சீலில் புள்ளி தொலையாமல் இருக்க: 38 மி.மீ. ரப்பர் ஸ்டாம்பை நாமே வரைவது

எங்கள் தெரு நலச்சங்கத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோது, விண்ணப்பத்தில் அடித்த சீலைப் பார்த்த அம்மா, "இது என்ன ஊருங்க?" என்று கேட்டார். திருப்பரங்குன்றம் என்று இருக்க வேண்டிய இடத்தில் திருபபரஙகுனறம என்று விழுந்திருந்தது. நான்கு புள்ளியும் இல்லை. ஒன்று மையில் மூழ்கி எழுத்தோடு ஒட்டிவிட்டது, மற்றவை காகிதத்தில் விழவே இல்லை. கடையில் இன்னொரு தடவை செய்து வாங்கியும் அதே கதைதான். சரி, வடிவத்தை நாமே வரைந்து கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மூன்றாவது சீல் ஒழுங்காக வந்தது. அந்த மூன்றாவதை எப்படி வரைந்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

இங்க்ஸ்கேப்பில் செய்திருக்கிறேன். இலவசம், தமிழ் யூனிகோடை உடைக்காமல் வளைக்கிறது. மென்பொருளை நிறுவுவது, தமிழில் தட்டச்சு செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்குப் போகிறேன்.

எழுத்துரு

கடைகளில் பெரும்பாலும் பாமினியில் அடிப்பார்கள். நேர்வரிக்கு அது பரவாயில்லை, வட்டத்துக்கு வேண்டாம். பாமினியில் புள்ளி தனிக் குறி, க் என்பதற்கு க ஒன்று, புள்ளி ஒன்று என்று இரண்டு தடவை அடிக்கிறோம். வரியை வளைக்கும்போது ஒவ்வொரு குறியும் தனித்தனியாகத் திரும்புவதால், புள்ளி தன் எழுத்தின் தலையை விட்டு விலகிப் பக்கத்து எழுத்தின் மேல் போய் நிற்கும். கொம்பும் காலும் அப்படியே. எங்கள் இரண்டாவது சீலில் "போ" மூன்று துண்டாக நின்றது இதனால்தான்.

யூனிகோடு எழுத்துருவில் "போ" ஒரே கட்டாகத் திரும்பும். நான் எடுத்தது Hind Madurai, அதில் Medium. கோடு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமன். Bold எடுத்தால் ண, ற போன்ற எழுத்துகளின் உள்வெளி அடைந்துபோகும், Light எடுத்தால் கோடு விட்டுவிட்டு விழும். எந்த எழுத்துரு எடுத்தாலும் புள்ளி நிரப்பிய பொட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறு வளையமாக இருந்தால் வேறு தேடுங்கள், அந்த வளையத்துக்குள் மை நிரம்பிவிடும்.

வட்டங்கள்

File > Document Properties போய் அலகை mm ஆக்கி, பக்கத்தை 50 × 50 வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கருவியை எடுத்தால் மேலே Rx, Ry என்ற பெட்டிகள் தெரியும். அளவை அங்கேதான் கொடுக்க வேண்டும், சுட்டியால் இழுத்து அளவு வைக்காதீர்கள். நான்கு வட்டம் வேண்டும்.

வெளிவளையத்துக்கு ஆரம் 18.75, கோட்டுத் தடிமன் 0.5. கோட்டின் பாதி வெளியே நிற்பதால் மொத்தம் சரியாக 38 மி.மீ. வரும். உள்வளையத்துக்கு ஆரம் 12, தடிமன் 0.3. மற்ற இரண்டும் எழுத்து உட்காருவதற்கான வழிகாட்டிகள், சீலில் வராது: மேல்வரிக்கு ஆரம் 14, கீழ்வரிக்கு ஆரம் 17. நான்கையும் Align and Distribute கொண்டு பக்கத்தின் நடுவில் நிறுத்திவிடுங்கள்.

மேலுக்கும் கீழுக்கும் ஏன் வேறு வேறு வட்டம்? நான் ஒரு நாள் முழுக்கத் தவித்தது இங்கேதான். மேல்வரியில் எழுத்தின் கால் மையத்தைப் பார்க்கும், தலை வெளியே போகும். கீழ்வரியும் நேராகப் படிக்கும்படி இருக்க வேண்டுமென்றால் தலை மையத்தைப் பார்க்க வேண்டும், கால் வெளிப்பக்கம். ஒரே வட்டத்தில் இரண்டையும் உட்கார வைத்தால் ஒரு வரி வெளியே தள்ளிக்கொண்டு போகும், இன்னொன்று உள்வளையத்தின் மேல் ஏறும். 14, 17 என்று பிரித்து, எழுத்தின் உயரம் 2.8 மி.மீ. வைத்தால் இரண்டு வரியும் ஒரே பட்டைக்குள் அடங்கும்.

அந்த 2.8 எப்படி வைப்பது? "ப" என்று ஒரே எழுத்தை அடியுங்கள். தேர்வுக் கருவியால் அதைத் தொட்டு, மேலே H பெட்டி 2.8 காட்டும் வரை எழுத்தளவை மாற்றுங்கள். ப-வுக்கு மேலேயும் கீழேயும் வால் கிடையாது என்பதால் அளவெடுக்க வசதி. கிடைத்த எழுத்தளவையே இரண்டு வரிக்கும் கொடுத்துவிடலாம்.

வளைப்பது

மேல்வரியை அடியுங்கள். எங்களுக்கு "குடியிருப்போர் நலச்சங்கம்". அதையும் 14 ஆரமுள்ள வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்து Text > Put on Path. எழுத்து எங்கேயாவது பக்கவாட்டில் போய் நிற்கும். பயப்பட வேண்டாம். வட்டத்தை மட்டும் தேர்ந்து சுழற்றுங்கள், எழுத்தும் கூடவே வரும்.

கீழ்வரிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 17 ஆரமுள்ள வட்டத்தைத் தேர்ந்து முதலில் Path > Object to Path, அப்புறம் Path > Reverse. வட்டம் இப்போது இடஞ்சுழியாக ஓடும். அதன் பிறகு Put on Path கொடுத்தால்தான் எழுத்து உள்பக்கமாக நிமிர்ந்து நிற்கும். Reverse பண்ணாவிட்டால் கீழே வரும் ஊர்ப்பெயர் தலைகீழாகத் தெரியும்.

இங்கே ஒரு கணக்கு. கீழ்வரி எழுத்தின் அடி 17 ஆரத்தில் இருக்கிறது. அதன் புள்ளியோ சுமார் 13.5 ஆரத்தில். உள்ளே போகப் போக வட்டம் சுருங்குவதால், தலைப்பக்கத்தில் இடம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆங்கில வரிக்கு இது பெரிய தொல்லை இல்லை. தமிழிலோ புள்ளி, கி, கீ எல்லாம் தலையில்தான் இருக்கின்றன. திருப்பரங்குன்றம் என்ற பத்து எழுத்தில் நான்கு புள்ளி, ஒரு சுழி. ஆகவே கீழ்வரிக்கு மட்டும் எழுத்து இடைவெளியை 0.3 மி.மீ. கூட்டுங்கள். அப்படியும் நெருங்கி நின்றால், இரண்டு எழுத்துக்கு நடுவில் சுட்டியை வைத்து Alt + வலது அம்புக்குறி. எங்களுக்கு "ன்", "ற" நடுவில் இது தேவைப்பட்டது.

மேல்வரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தலைப்பக்கம் விரிகிறது, கால்பக்கம் நெருங்குகிறது. "கு", "ரு" வால்கள் உரசுகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

புள்ளியைப் பெரிதாக்குவது

இடம் எல்லாம் சரியான பிறகு இரண்டு வரியையும் தேர்ந்து Path > Object to Path. இனி அவை எழுத்து இல்லை, உருவம். திருத்தம் வந்தால் பழையது வேண்டும், அதனால் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு இதைச் செய்யுங்கள். வழிகாட்டி வட்டங்களை இப்போது அழித்துவிடலாம். முன்பே அழித்தால் வரி நேராகிவிடும்.

அப்புறம் 0.3 ஆரத்தில், அதாவது 0.6 மி.மீ. குறுக்களவில், கோடில்லாத கறுப்புப் பொட்டு ஒன்று வரையுங்கள். அதை Ctrl+D கொண்டு பெருக்கி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் வையுங்கள். பழைய புள்ளி அடியில் மறைந்துவிடும். பொட்டுக்கும் எழுத்தின் தலைக்கும் நடுவில் குறைந்தது 0.3 மி.மீ. வெள்ளை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொட்டைக் கீழ்வரியில் சற்று மையத்தை நோக்கியும் மேல்வரியில் சற்று வெளிப்பக்கமாகவும் தள்ளுங்கள். பழைய புள்ளியின் விளிம்பு வெளியே தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் பொட்டைப் பெரிதாக்கலாம். ஒன்பது புள்ளி, பத்து நிமிட வேலை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் கொஞ்சம் குண்டாகத் தெரியும். காகிதத்தில் அளவாகத்தான் விழும்.

மை பரவினால் என்ன ஆகும் என்று முன்பே பார்ப்பது

சீல் அடிக்கும்போது ரப்பர் நசுங்கும், மை ஓரங்களில் கசியும். திரையில் இருக்கும் வெள்ளை அத்தனையும் காகிதத்தில் மிஞ்சாது. அதைக் கடைக்குப் போகும் முன்பே பார்க்க ஒரு வழி உண்டு. முழு வடிவத்தையும் வேறு பெயரில் ஒரு நகலாகச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த நகலின் எழுத்துக்கும் பொட்டுக்கும் 0.2 மி.மீ. கறுப்புக் கோடு கொடுங்கள். ஒவ்வொரு விளிம்பும் 0.1 தடிக்கும். அதை அச்சடித்துக் கை எட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள். எந்த எழுத்து அடைந்துபோகிறதோ, சீலிலும் அதுதான் அடையப்போகிறது. எனக்கு "ங்" மட்டும் மாட்டியது, அதன் பொட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்ததும் தெளிந்தது. இந்த நகல் பார்ப்பதற்கு மட்டும், கடைக்குக் கொடுக்க முந்தையதுதான்.

இதைவிடச் சிறிய சீல் வேண்டும் என்றால் மொத்தத்தையும் சுருக்காதீர்கள், புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து சுருங்கிவிடும். உள்வளையத்தை எடுத்துவிடுங்கள், நடுவில் இருப்பதைக் குறையுங்கள், எழுத்தளவை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நடுவில் நாங்கள் பதிவு எண்ணை இரண்டு வரியாகப் போட்டோம். தலைவருக்குக் கோபுரம் வைக்க ஆசை. பத்து மி.மீ. உயரத்தில் கோபுரத்தின் நிலைகள் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டாகிவிடும், தமிழ்நாடு அரசு முத்திரையிலும் கோபுரம் இருப்பதால் குழப்பமும் வரும் என்று சொல்லி நிறுத்தினேன். அசோகச் சிங்கத்தை யாரும் தொடவே வேண்டாம். அரசுச் சின்னத்தைத் தனியார் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-இல் போட்ட சட்டமே இருக்கிறது.

கடையில்

பி.டி.எஃப். ஆகச் சேமித்து, பக்கத்தின் அடியில் 38 மி.மீ. நீளக் கோடு ஒன்றும் போட்டுக் கொடுங்கள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நான் போன கடையில் அண்ணன் பார்த்துவிட்டு, "பாமினில அடிச்சுக் கொடுத்திருந்தா நானே போட்டிருப்பேனே தம்பி" என்றார். இது எழுத்து இல்லை, படம், ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று விளக்கிய பிறகு அப்படியே வெட்டிக் கொடுத்தார். லேசரில் வெட்டிய ரப்பர். வாங்கியதும் அங்கேயே, நல்ல வெள்ளைத் தாளில் இல்லாமல், பில் புத்தகத்தின் மெல்லிய தாளில் அடித்துப் பாருங்கள். மை அதிகம் பரவுவது அதில்தான். புது ஸ்டாம்ப் பேடாக இருந்தால் முதல் இரண்டு மூன்று அடியில் மை கூடுதலாக ஏறும், நான்காவதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: மேலூரிலிருந்து ஒருவர், தன் சீல் 36 மி.மீ. தான் வந்தது என்று எழுதியிருந்தார். கடையில் அச்சடித்தபோது Fit என்ற தேர்வு போட்டிருக்கிறார்கள். Actual size போடச் சொல்லுங்கள், அடியில் உள்ள கோட்டை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

இன்னொன்று: சீல் இடவலமாக விழுந்தது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ரப்பரில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இருக்க வேண்டும் என்று அவர்களே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், கடையிலும் வழக்கம்போல ஒரு தடவை திருப்பியிருக்கிறார்கள். கோப்பை நேராகவே கொடுத்து, "இன்னும் திருப்பவில்லை" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள்.