மெயிலை வெறும் எழுத்தில் அனுப்புவது எப்போது நல்லது?

ஜிமெயிலில் அறிவிப்பு, கூட்ட அழைப்பு போன்ற பத்தி பத்தியான மெயில்களை எழுதும்போது, எழுதும் பெட்டியின் கீழே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Plain text mode-ஐத் தேர்ந்தெடுங்கள். கணினி உலாவியில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால், நீங்களே மாற்றும்வரை அடுத்த மெயில்களுக்கும் அதுவே தொடரும்.

வண்ணமும் எழுத்துருவும் மெயிலின் HTML என்ற வடிவமைப்புப் பகுதியில்தான் பயணிக்கின்றன. சில பழைய மெயில் செயலிகள் அதை விட்டுவிட்டு, கூடவே போகும் வெறும் எழுத்துப் பகுதியைத்தான் காட்டும். "சிவப்பில் உள்ள ஆவணங்கள் கட்டாயம்" என்று எழுதியிருந்தால் அங்கே சிவப்பே இருக்காது. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களும் பொதுவாக நிறத்தைத் தானாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஆவணத்தின் பக்கத்திலும் "(கட்டாயம்)" என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஆனால் உண்மையான அட்டவணை இருந்தால் இந்த வழி வேண்டாம். இடைவெளி விட்டு வரிசைப்படுத்திய கட்டங்கள் கண்ணுக்கே கலைந்து தெரியும்; காதில் கேட்பவருக்கு எந்தத் தொகை எந்த மாதத்துக்கு என்பதே புரியாது. HTML அட்டவணையில் திரைவாசிப்பான் வரிசையையும் நெடுவரிசையையும் சொல்லிக்கொண்டே போகும். இணைப்புக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றாலும் HTML-தான். வெறும் எழுத்தில் நீண்ட இணைய முகவரியை முழுதாகக் கேட்பது பெரும் தொல்லை.

HTML-இல் எழுதும்போது வேர்டிலிருந்து ஒட்டுவதற்கு Ctrl+Shift+V போடுங்கள். அங்கிருந்த வடிவமைப்பு எதுவும் கூடவே வராது.