கடைக் கணக்கைக் கிளவுடில் வைப்பது எப்படி: சிங்க் வேறு, பேக்கப் வேறு

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சிக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அதே மழை. தாமிரபரணி கரை தாண்டி வந்ததில் ஜங்ஷன், கொக்கிரகுளம் எல்லாம் மூழ்கின, அண்ணாச்சி கடையில் கல்லாப்பெட்டி உயரத்துக்குத் தண்ணீர். கம்ப்யூட்டர் போனது. டேலி கணக்கைப் பென் டிரைவில் எடுத்துத்தான் வைத்திருந்தார், ஆனால் அந்தப் பென் டிரைவ் இருந்தது அதே மேசையின் கீழ் டிராயரில். ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றிய பில்களையும் ஆடிட்டரிடம் இருந்த பிரின்ட்டுகளையும் வைத்துக் கணக்கைத் திரும்ப அடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்கப்புறம்தான் கிளவுட் பேச்சு வந்தது. "கிளவுடுன்னா மேகம்லா தம்பி? மறுபடியும் மழையா?" என்றார். மேகத்தில் ஒன்றும் இல்லை அண்ணாச்சி, வேறொரு ஊரில் ஒரு கம்பெனி பெரிய கட்டடம் நிறையக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறது, அதில் கொஞ்சம் இடத்தை நமக்கு வாடகைக்கு விடுகிறது, நெட் வழியாகப் போய் நம் சரக்கை அதில் வைக்கிறோம், எடுக்கிறோம் என்றேன். குடோன் என்றால் அவருக்கு உடனே புரியும். புரிந்தது.

புரியாமல் விட்டது வேறொன்று, அதுதான் இந்தப் பதிவு. கிளவுடை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய.

ஒன்று சிங்க். இது கண்ணாடி மாதிரி. கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் என்ன நடக்கிறதோ அது அப்படியே கிளவுடில் தெரியும். நீங்கள் ஃபைலை மாற்றினால் அங்கேயும் மாறும், அழித்தால் அங்கேயும் அழியும், வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிப்போட்டால் பூட்டிய ஃபைல்களே மேலே ஏறும். இன்னொன்று பேக்கப். இது ஜெராக்ஸ். இன்று எடுத்த ஜெராக்ஸ், நாளைக்கு நீங்கள் ஒரிஜினலைக் கிழித்தாலும் அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் வெள்ளத்தில் போனால் இரண்டுமே காப்பாற்றும். ஆள் செய்கிற தப்பிலிருந்து ஜெராக்ஸ் மட்டும்தான் காப்பாற்றும்.

அண்ணாச்சிக்கு யாரோ ஒருவர் வந்து டேலி டேட்டா ஃபோல்டரையே சிங்கில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டம்மா பெயரில் இன்னொரு ஃபர்ம் உண்டு, அதன் கணக்கு `10001` என்ற ஃபோல்டரில் இருந்தது. டேலி ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி வெறும் எண்ணைத்தான் ஃபோல்டர் பெயராக வைக்கும். புதிதாக வந்த பையன் ஏதோ பழைய குப்பை என்று நினைத்து அதை அழித்துவிட்டான். கிளவுடிலும் அழிந்தது. ஆடிட்டர் கேட்டபோதுதான் தெரிந்தது, அதற்குள் 40 நாள் ஆகிவிட்டது. கூகுள் டிரைவில் அழித்த ஃபைல் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அப்புறம் தானாகக் காலியாகும். பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டேலி ஓடும்போது அதன் ஃபைல்களில் எழுதிக்கொண்டே இருக்கும், சிங்க் அதே நேரத்தில் அவற்றை மேலே ஏற்றப் பார்க்கும். பாதி பழையது பாதி புதியது என்று ஏறினால் அந்தக் கணக்கு திறக்காமல் போகலாம். அதனால் டேலி வேலை செய்கிற ஃபோல்டரைச் சிங்கில் வைக்கவே வேண்டாம்.

சரி, செய்கிற முறைக்கு வருவோம். இதற்கு மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லை, கூகுள் கணக்கோடு இலவசமாக வரும் 15 ஜிபியே போதும். அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்ந்துதான் பங்கு போடும், ஆகவே பேரன் பேத்தி போட்டோ நிறைந்த கணக்கில் இதைச் செய்யாதீர்கள்.

முதல் படி: கடைக்கென்று தனிக் கணக்கு, முதலாளி போன் நம்பரில். பையன் நம்பரிலோ, சர்வீஸ் செய்ய வருகிற என் நம்பரிலோ திறக்கக் கூடாது. ஆள் போனால் சாவியும் போகும். திறந்ததும் 2-Step Verification என்பதைப் போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டு தெரிந்தாலும் போனில் வரும் அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. போனே தொலைந்தால் என்ன செய்வது? அதே பக்கத்தில் Backup codes என்று இருக்கும், 10 எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அதைப் பிரின்ட் எடுத்து வீட்டுப் பீரோவில் வையுங்கள். கடையில் வேண்டாம், பென் டிரைவ் கதைதான் மறுபடியும்.

இரண்டாம் படி: டேலியிலேயே பேக்கப் எடுங்கள். டேலி பிரைமில் `Alt+Y` அழுத்தினால் வரும் பட்டியலில் Backup இருக்கும். எங்கே வைக்க என்று கேட்கும்போது D டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் காட்டுங்கள். எத்தனை கம்பெனி இருக்கிறதோ அத்தனையையும் தேர்ந்தெடுக்க வேண்டும், இங்கேதான் இரண்டாவது ஃபர்மை மறப்பார்கள். மதியம் வியாபாரத்துக்கு நடுவில் வேண்டாம், ராத்திரி கல்லாக் கணக்கு முடித்தபின், மற்ற கம்ப்யூட்டர்களில் டேலியை மூடியபின் எடுப்பது நல்லது.

மூன்றாம் படி: சுருக்கித் தேதி போடுங்கள். அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ஜிப் ஆக்குங்கள். அண்ணாச்சி கடையில் இரண்டு ஃபர்மும் சேர்ந்து 900 எம்பி இருந்தது, ஜிப் ஆக்கியதும் 140 எம்பி ஆனது. கணக்கு டேட்டா நன்றாகவே சுருங்கும், போட்டோ வீடியோ அப்படிச் சுருங்காது. பெயர் இப்படி இருக்கட்டும்:

```
KADAI-2025-06-14.zip
```

வருடம், மாதம், தேதி என்ற இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. தேதியை முன்னால் போட்டால் ஜனவரி 14-உம் ஜூன் 14-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும், எது கடைசி என்று தேட வேண்டியிருக்கும். பெயர் தினமும் வேறாக இருப்பதுதான் இதை ஜெராக்ஸ் ஆக்குகிறது. தினமும் ஒரே பெயரில் பழையதன் மேலேயே போட்டீர்களானால், நேற்றைய நல்ல காப்பியை இன்றைய கெட்டுப்போன காப்பி மூடிவிடும்.

நான்காம் படி: கையால் ஏற்றுங்கள். பிரௌசரில் `drive.google.com` போய், New, அப்புறம் File upload. இங்கே நெட் வேகம் பற்றி ஒரு வார்த்தை. நெட் கம்பெனி 10 எம்பிபிஎஸ் என்று சொல்வது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு, 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆகவே 140 எம்பியை 8-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 112 செகண்ட், அதாவது இரண்டு நிமிடம். ஜிப் ஆக்காமல் 900 எம்பியை ஏற்றினால் 12 நிமிடம், அதுவரை யாரும் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், பாதியில் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இறக்குகிற வேகத்தைவிட ஏற்றுகிற வேகம் பல இணைப்புகளில் குறைவு, இரண்டையும் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறி முடிந்ததாகத் திரையில் வந்தபின் லாக் அவுட் செய்யுங்கள். இதுதான் சிரமம், எல்லாரும் விட்டுவிடுவார்கள், ஆனால் கடைக் கம்ப்யூட்டரில் கணக்கு திறந்தே கிடந்தால் உட்காருகிறவன் எவனும் மொத்தத்தையும் அழிக்கலாம்.

எத்தனை வைப்பது? அண்ணாச்சிக்கு நான் போட்டுக் கொடுத்தது: கடைசி 7 நாள், அப்புறம் மாதக் கடைசி காப்பி 12. மொத்தம் 19 ஃபைல், 140 எம்பி வீதம் 2.7 ஜிபிகூட வராது. மார்ச் 31 காப்பியை மட்டும் அழிக்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் விதி இன்னும் கடுமை, தினசரி பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் இருக்க வேண்டும் என்கிறது. இலவச டிரைவில் அந்த உறுதி கிடைக்காது, அவர்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

மாதம் ஒருமுறை அந்த மாதக் காப்பியை ஒரு பென் டிரைவில் இறக்கி வீட்டில் வையுங்கள். கூகுள் கணக்கே பூட்டிக்கொண்டால் அது கை கொடுக்கும். வேலை முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிட வேண்டும், சொருகியே கிடந்தால் கம்ப்யூட்டருக்கு வருகிற வைரஸ் அதற்கும் வரும்.

ஐந்தாம் படி: திறந்து பாருங்கள். பேக்கப் எடுக்கிற பத்துக் கடைக்கு ஒரு கடைகூட இதைச் செய்வதில்லை என்பது என் அனுபவம். வேறொரு கம்ப்யூட்டரில், மகள் லேப்டாப் ஆனாலும் சரி, டேலி பிரைம் போட்டு, லைசென்ஸ் இல்லாவிட்டால் Educational mode-இல் திறந்து, கிளவுடிலிருந்து ஜிப்பை இறக்கிப் பிரித்து, `Alt+Y`, Restore. கடைக் கம்ப்யூட்டரிலேயே இதைச் சோதிக்காதீர்கள், நடப்புக் கணக்கின் மேல் பழையது விழுந்துவிடும். லேப்டாப்பில் இருக்கும் டேலி, கடையில் இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் திறக்காமல் போகலாம். திறந்ததும் இரண்டே விஷயம் பாருங்கள்: கடைசிப் பில் நம்பர், அன்றைய ரொக்க இருப்பு. கடை நோட்டோடு ஒத்துப்போனால் சரி.

அண்ணாச்சி கடையில் முதல் தடவை இப்படிச் சோதித்தபோது பில் நம்பர் ஒத்துப்போனது, வீட்டம்மா ஃபர்ம் மட்டும் காணவில்லை. கிளவுடில் போய்ப் பார்த்தால் நாலு நாளாக ஃபைல் 140-க்குப் பதில் 95 எம்பிதான் ஏறியிருக்கிறது, பையன் ஒரு கம்பெனியை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறான். இப்போது கல்லா நோட்டில், ரொக்க இருப்புக்குக் கீழே, அன்று ஏறிய ஃபைலின் அளவையும் எழுதச் சொல்லியிருக்கிறார். தினமும் ஒன்றிரண்டு எம்பி கூடும். குறைந்தால் மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்துவிடும்: "ஏ தம்பி, நேத்து நூத்திநாப்பத்திரெண்டு, இன்னைக்கு நூத்திமுப்பது, என்னன்னு வந்து பாரு."